மாமன் பிள்ளைகளிடம் மட்டும் கூத்தடித்த பிள்ளைக்காக நான் எழுதிய கடிதம்

எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காத நான் பலர் படிக்கும்படி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். நாலு பேர் கூடிய இடத்தில் சுவரோரமாக நிற்கிறவள் நான். இதைப் படிக்கிறவர்கள் என் பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் எழுதிய கடிதங்களில் ஒன்றே ஒன்றுதான் ஒரு காரியத்தைச் சாதித்தது. அது எப்படி என்று சொல்ல எனக்குத்தான் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

அப்போது நான் இலங்கை மலைநாட்டில், பதுளையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை. தெமோதரைப் பக்கம் ரயில் பாதை வேலை நடந்துகொண்டிருந்த காலம். தலைமை ஆசிரியை ஒரு வெள்ளைக்கார அம்மாள்; எல்லாரும் மிஸியம்மா என்போம். தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து போர்டிங்கில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளில் அழுகிறவர்கள், சாப்பிடாதவர்கள், பாயை நனைக்கிறவர்கள், யாருடனும் சேராதவர்கள் எல்லாரையும் மிஸியம்மா என்னிடம் விட்டிருந்தார். நான் அவர்களோடு உட்கார்ந்து விஷயம் என்னவென்று அறிந்து, பெற்றோருக்குக் கடிதம் எழுத வேண்டும். பாடம் நடத்த எனக்குக் குரல் போதாது. அதனால்தான் இந்த வேலை கிடைத்தது என்று நினைக்கிறேன்.

அந்த வருஷம், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி ஒருவரின் மகள் வந்து சேர்ந்தாள். வயது எட்டு. தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டம். தை மாதம் வந்தவள் ஐப்பசி வரைக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு சொல் பேசவில்லை. பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள். கேள்வி கேட்டால் கழுத்து மட்டும் விறைக்கும். சிலேட்டில் எழுதச் சொன்னால் எழுதுவாள், அதையும் கையால் மறைத்துக்கொள்வாள். தண்ணீர் வேண்டுமானால் குடத்தருகே போய் நிற்பாள், யாராவது மொண்டு தரும் வரை. பிள்ளைகள் அவளை "ஊமைக்கோட்டான்" என்றார்கள். நான் அதட்டினேன். என் அதட்டலுக்கு யாரும் பயப்படவில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் வருவார். ஒவ்வொரு பிள்ளையும் அவர் முன்னால் வாய்விட்டு வாசிக்க வேண்டும். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருவதாகத் தகவல் வந்தது. மிஸியம்மா என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளைக்குப் புத்தியில் குறை இருக்கிறது. வாசிக்காவிட்டால் பெயரை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பத்து மாதம் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

தீபாவளிக்கு ஊருக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அவள் வரவில்லை. அவளுடைய அப்பா மட்டும் வந்தார். கோட்டும் தலைப்பாகையுமாக, நனைந்த கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"டீச்சரம்மா, எம் மகள இனிமே அனுப்பலைங்க."

"ஏங்க?"

"நீங்க அவ பள்ளிக்கூடத்துல வாயே தொறக்கலைன்னு எழுதினீங்க. நானும் நம்பினேன். தீவாளிக்கு எம் மச்சான் லயத்துல போயிப் பாத்தா, இவ கொடைய கையில வச்சுக்கிட்டு உங்க மிஸியம்மா மாதிரி நடக்குறா! மாமன் புள்ளைங்க அஞ்சும் தரையில உருண்டு சிரிக்குதுங்க. அந்தக் கத்தலு ஆத்துக்கு அந்தாண்ட கேக்குது. அங்க ஊமை, இங்க கூத்தாடி! யார ஏமாத்துறா? உங்களையா, என்னையா?"

நனைந்த கம்பளியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்த வீட்டுப் பக்கமே போகக்கூடாதுன்னுட்டேன். எல்லாம் அதுங்ககிட்ட ஒட்டிக்கிட்ட வியாதி. தை பொறந்தா கொழுந்துக் கூடைய மாட்டி விட்டுருவேன். அங்க வாயும் வேணாம், படிப்பும் வேணாம்."

மிஸியம்மா புத்திக் குறை என்கிறார், அப்பா கள்ளத்தனம் என்கிறார். இரண்டில் எது மெய்யானாலும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. எனக்கு இரண்டும் மெய்யில்லை என்று பட்டது. ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. "ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பாக்கலாமுங்களா?" என்று மட்டும் கேட்டேன். அவர் தலையசைத்தார்.

ஞாயிறன்று போர்டிங் சமையல்காரம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மாட்டு வண்டியில் போய், மிச்சத்தை நடந்து ஏறினோம். லயம் என்கிற அந்த நீள வரிசை வீட்டில் அவர்களுடையது கடைசிக் காம்பரா, ஒற்றை அறை. அப்பா கோயில் பக்கம் போயிருந்தார். மலைத் தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடிக்கப் பிள்ளை போயிருந்தாள். அம்மா எங்களை உள்ளே உட்காரவைத்துவிட்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அவரு இல்லாத நேரமாப் பாத்து அண்ணன் புள்ளைங்க வரும், டீச்சரம்மா. நான் வேணாங்கறதில்ல. அதுங்க வந்தாத்தான் இவ சோறு திங்கிறா."

சொல்லி வாய் மூடவில்லை, வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் பிள்ளையும் மாமன் பிள்ளைகளும் வரும் காலடிச் சத்தம் கேட்டது. நான் உள்ளே இருப்பது பிள்ளைக்குத் தெரியாது. ஒளிந்து கேட்பது தப்பு என்று தெரிந்தும் கதவு இடுக்கில் பார்த்தேன்.

வந்தவுடனே அவள் கத்தவில்லை. குடத்தை இறக்கிவிட்டு விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றாள். மாமன் பிள்ளைகளில் மூத்தவளுக்குப் பத்து வயது. அவளை இவள் மதினி என்று கூப்பிடுவாள். அந்த மதினி ஒன்றும் கேட்கவில்லை. இவளைப் பார்க்கக்கூட இல்லை. தம்பியின் தலையில் ஒரு வாழை இலைத் துண்டை வைத்து, "துரை வந்துட்டாரு, சலாம் போடுங்க" என்றாள். சின்னது சலாம் போட்டது. இன்னொன்று தும்மியது. எல்லாம் சிரித்தன. அந்தச் சிரிப்புக்குள் இவளும் புகுந்துகொண்டாள்.

"துரை இல்ல மதினி, பூசணிக்கா!"

"பூசணிக்காயா? அப்ப நீ யாரு?"

"நான் மிஸியம்மா!" ஒரு விறகுக் குச்சியைக் குடையாகப் பிடித்தாள். "யாரு அங்க சத்தம்? பொம்பளப் பிள்ளை சத்தம் போடக் கூடாது! நீ, நீ, கடைசி பெஞ்சு, வாயில் என்ன? பலாக்கொட்டையா?"

"இல்லீங்க மிஸியம்மா, பல்லு!"

"பல்லா? எடுத்து வெளியே வை!"

எனக்கே சிரிப்பு வந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். பிறகு மதினி, வெல்லம் சுற்றி வந்த பழைய செய்தித்தாள் துண்டை நீட்டி, "மிஸியம்மா, இதப் படிச்சுக் காட்டுங்க" என்றாள். குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் படித்தாள். தலைவலி எண்ணெய் விளம்பரம். கூட்டெழுத்து எதுவும் தடுக்கவில்லை. கடைசியில் தன் பாட்டுக்கு, "இதைத் தடவினால் கங்காணிமார் கோபமும் குறையும்" என்று சேர்த்தாள். ஐந்து பிள்ளைகளும் சரிந்து விழுந்தன. அவர்கள் சிரிக்கச் சிரிக்க இவள் சத்தம் கூடியது. இவள் சத்தம் கூடக்கூட அவர்கள் இன்னும் சிரித்தார்கள்.

அப்போது லயத்துக்குப் புதிதாக வந்த ஒரு பெண் அடுப்புக்கு நெருப்பு கேட்டு வந்தாள். பிள்ளை பாதிச் சொல்லில் நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் இல்லை. தோள் மேலேறியது. பள்ளிக்கூடத்தில் நான் பார்க்கும் அதே விறைத்த கழுத்து. ஏமாற்றுகிறவள் அப்படி நிற்க மாட்டாள். ஏமாற்றுகிறவளுக்கு முகத்தை மாற்ற ஒரு கணமாவது வேண்டும். இவளுக்கு அது தானாக வந்து விழுந்தது, கதவு சாத்தினதுபோல. அந்தப் பெண் போன பிறகும் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு வந்த சத்தம் முன்னதைவிடப் பெரிது.

அப்பா இருமுவது கேட்டு எல்லாம் கலைந்து ஓடின. உள்ளே வந்து என்னைப் பார்த்தவர், "என்ன டீச்சரம்மா, கேட்டீங்களா கூத்த?" என்றார். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "உங்க பிள்ளை செய்தித்தாளே படிக்கிறாள்" என்று சொல்லியிருக்கலாம். அவர் உயரமும் மீசையும் என் எதிரே நின்றன. "ஆமாங்க" என்றேன். தேநீரைக் குடித்தேன். வந்துவிட்டேன். வண்டியில் வரும்போது சமையல்காரம்மா, "இதச் சொல்லத்தான் இம்புட்டுத் தூரம் வந்தியா?" என்று கேட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வகுப்பில் உட்கார்ந்து, வாயால் சொல்ல முடியாததைக் காகிதத்தில் எழுதினேன். மூன்று தடவை கிழித்தேன். கடைசியில் அனுப்பியதன் படி என்னிடம் இன்னும் இருக்கிறது. அதில் வேண்டிய பகுதியை இங்கே எழுதுகிறேன்:

"மதிப்புக்குரிய கங்காணி ஐயாவுக்கும் அம்மாவுக்கும். உங்கள் மகளுக்குப் புத்தியில் குறை இல்லை. அவள் யாரையும் ஏமாற்றவும் இல்லை. இங்கே பேசாதவளும் அங்கே கத்துகிறவளும் ஒரே பிள்ளைதான்.

அந்நியர் பார்க்கும்போது சில பிள்ளைகளுக்குத் தங்களை யாரோ தராசில் வைத்து நிறுப்பதுபோல இருக்கும். தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்ற எண்ணம் வந்தவுடன் கழுத்தும் தொண்டையும் இறுகிவிடும். அவள் பேச மாட்டேன் என்று இருக்கவில்லை. பேச்சு அவளுக்கு அப்போது வருவதில்லை. பேசு பேசு என்று எல்லாரும் அவள் வாயையே பார்த்தால் இன்னும் இறுகும். பேசாமல் தப்பித்தால் அப்போதைக்கு மூச்சு விடுவாள். அடுத்த தடவை பேசுவது அதனாலேயே இன்னும் கஷ்டமாகிவிடும். இப்படித்தான் பத்து மாதம் போனது. அதில் என் தப்பும் இருக்கிறது.

மாமன் பிள்ளைகளிடம் தராசு கிடையாது. அவள் விழுந்து அழுததையும் மூக்கு ஒழுகியதையும் அவர்கள் பார்த்தாகிவிட்டது. அவர்கள் முன்னால் இழக்க அவளிடம் ஒன்றுமில்லை. மாமன் பிள்ளையைக் கேலி செய்ய அவளுக்கு முறையும் இருக்கிறது. எதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று முன்பே தெரியும். சிரிக்க வைக்கிறவள் என்று அங்கே அவளுக்கு ஓர் இடமும் இருக்கிறது. பிள்ளைகளின் சிரிப்பு ஒன்றிலிருந்து ஒன்று பற்றிக்கொள்ளும். அதனால் சத்தம் ஏறிக்கொண்டே போகும். மாதக்கணக்காக அடக்கிவைத்த பேச்சு ஒரு பகலில் வெளியே வருவதால் மற்றப் பிள்ளைகளைவிட அவள் சத்தம் பெரிதாகக் கேட்கிறது.

மிஸியம்மாவைப்போல நடப்பது மரியாதைக் குறைவால் அல்ல. எதற்குப் பயப்படுகிறாளோ அதைத் தன் கையில் எடுத்து விளையாடிப் பார்க்கிறாள். பயத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்கிறாள்.

ஆகவே மாமன் பிள்ளைகள் அவளைக் கெடுக்கவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் அவளுக்கு வாய் திறக்கும் இடமே இல்லாமல் போகும். தயவுசெய்து அவர்களை விலக்காதீர்கள். வந்தவர் முன்னால் 'அந்தக் கூத்தை ஆடிக் காட்டு' என்று சொல்லாதீர்கள். 'இப்ப எங்க போச்சு வாய்?' என்று கேட்காதீர்கள். அடிக்காதீர்கள். அவளிடம் யாராவது ஏதாவது கேட்டால் உடனே நீங்கள் பதில் சொல்லிவிடாமல், ஐந்து மூச்சு பொறுத்துப் பாருங்கள். சத்தம் தாங்கவில்லை என்றால் விளையாட்டை நிறுத்தாமல், பீலிக்கரைப் பக்கம் போய் விளையாடச் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள். அவளுடைய மதினியை ஆறு வாரம் இங்கே போர்டிங்கில் விடுங்கள். ஒரு காலி அறையில் இருவரும் விளையாடட்டும். நான் முதலில் வெளியே இருப்பேன். பிறகு வாசலில். பிறகு உள்ளே. என் முன்னால் பேசப் பழகிய பிறகு இன்னொரு பிள்ளை, பிறகு இன்னொருத்தி. அவள் வாய் மூடினால் நான் ஓர் அடி பின்னால் போவேன். பழகின இடத்துப் பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகாத இடத்துக்குக் கூட்டிவருவதுதான் நான் நினைத்த வழி. நிச்சயம் பலிக்கும் என்று சொல்ல எனக்குத் தெரியாது. முயலாமல் விட மனம் வரவில்லை."

இதைத் தபாலில் போட்ட பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. கங்காணிக்கு எழுத்து வராது. தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் ஆபீசுக்குப் போகும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் கணக்கப்பிள்ளை அவற்றைப் பிரித்து, எல்லாரும் நிற்கும்போதே உரக்கப் படிப்பார். ஊரிலிருந்து வரும் சாவும் கல்யாணமும் அப்படித்தான் எல்லாருக்கும் தெரியும். தோட்டத்துப் பிள்ளைகளோடு இத்தனை வருஷம் பழகின எனக்கு அது தெரியும். ஒரு கங்காணியின் மகள் பயப்படுகிறாள் என்று, அவருக்குக் கீழே வேலை செய்கிற நூறு பேர் காதில் விழ எழுதி அனுப்பிவிட்டேன்! இரண்டு நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் கொட்டுகிற மழையில் மூன்று கம்பளிகள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றன. நடுவில் அப்பா. ஒரு பக்கம் பிள்ளை. இன்னொரு பக்கம் ஒரு பெண், அவள் கம்பளிக்குள் அவள் கையைப் பிடித்தபடி அந்த மதினி. அந்தப் பெண் கங்காணியின் தங்கை. பிள்ளையின் மாமனுக்கு வாழ்க்கைப்பட்டவள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். பிள்ளைக்கு அவள் அத்தை. நடந்ததை அவள்தான் சொன்னாள். அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

"டீச்சரம்மா, கணக்கப்புள்ள காயிதத்தப் படிக்கப் படிக்க இவரு மூஞ்சி செவந்து போச்சு. 'எம் மக பயந்தாங்கொள்ளியா? கிழிச்சுப் போடுங்கய்யா அத'ங்கறாரு. எல்லாம் கப்சிப்."

"ஏய், போதும்" என்றார் அண்ணன்.

"நீ சும்மா இருண்ணே. நான் கொழுந்துக் கூடையோட முன்னால வந்தேன். 'கணக்கப்புள்ள ஐயா, கிழிக்காதீங்க, அந்தக் கழுத்து வெறைக்கிற எடத்த இன்னொருக்கப் படிங்க'ன்னேன். படிச்சாரு. 'இது எங்கண்ணனப் பத்தியில்ல எழுதியிருக்கு'ன்னேன்."

"உனக்கு வாய் நீளம்."

"நீளந்தான்! நீ தொரைக்கு முன்னால நிக்கிறப்ப உன் கழுத்தப் பாத்திருக்கியா? ஆள் கணக்குச் சொல்ல மூணு தடவ எச்சி முழுங்குவே. 'சலாங்க தொரை'ங்கறது காத்து மாதிரி வரும். வீட்டுல எம் புருஷங்கூட உக்காந்தா? தொரை மாதிரி சுருட்டு குடிச்சுக் காட்டுறது யாரு? தொரையோட நாய் மாதிரி கொலைச்சுக் காட்டுறது யாரு? இதச் சொன்னேன் டீச்சரம்மா, பெரட்டுக் களமே சிரிச்சுது. கணக்கப்புள்ள கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு."

நான் பயந்துபோய் கங்காணியைப் பார்த்தேன். அவர் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது.

"நாய் மாதிரி இல்லீங்க, டீச்சரம்மா," என்றார். "அந்த நாய் கொலைக்கிறதே வேற மாதிரி."

பிள்ளை கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கம்பளி குலுங்கியது.

"எம் மவ ஆறு வாரத்துக்கு வேல வெட்டிக்கு வராட்டியும் பரவாயில்ல," என்றாள் அத்தை. "இவ வாய் தொறந்தாப் போதும்."

மிஸியம்மாவிடம் மதினிக்கும் இடம் கேட்கப் போனேன். ஐந்து வாக்கியம் யோசித்து வைத்துப் போய், இரண்டுதான் சொன்னேன். அவர் சம்மதித்தார்.

சிலேட்டும் விளக்குமாறும் வைக்கிற அறையை எடுத்துக்கொண்டோம். தினமும் பள்ளிக்கூடம் விட்ட பிறகு அரை மணி. முதல் நாள் நான் முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து பூனை நடக்கிற சத்தம்கூட வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு சிரிப்பு வந்தது. ஐந்தாம் நாள் "மதினி, அது என் குச்சி!" என்று கேட்டது. பள்ளிக்கூடச் சுவருக்குள் அவள் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான். துணியை மடித்தது மடித்தபடி இருந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் இதில் மிகக் கஷ்டமான வேலை.

அடுத்த வாரம் வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பேச்சு நின்றது. மறுநாள் மூன்றடி தள்ளி உட்கார்ந்தேன், பேச்சு வந்தது. பிறகு மெல்ல நெருங்கினேன். மதினி கெட்டிக்காரி. அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: "அவளைப் பேசச் சொல்லாதே, விளையாட்டைத் தொடங்கு." மூன்றாம் வாரம் நான் உள்ளே உட்கார்ந்து தைத்தேன். அவர்கள் என்னைப் பள்ளிக்கூட விளையாட்டில் மக்குப் பிள்ளையாக வைத்தார்கள். நான் தப்புத் தப்பாக வாசிக்க, பிள்ளை மதினியின் காதில் "டீச்சருக்குத் தெரியலே" என்றாள். பிறகு காதை விட்டு, என்னிடமே, "அது 'மாடு' இல்ல, 'மேடு'" என்றாள். நான், "ஓகோ, மேடா?" என்று மட்டும் சொல்லி ஊசியில் நூல் கோத்தேன். நூல் நாலு தடவை தவறியது.

நாலாம் வாரம் ஒரு சறுக்கல். மிஸியம்மா அந்தப் பக்கம் வந்தவர் குரலைக் கேட்டுவிட்டுக் கதவைத் திறந்து, "ஆ! பேசுகிறாய்! நல்ல பெண்!" என்று கைதட்டினார். சந்தோஷத்தில்தான் செய்தார். நாலு நாள் பிள்ளை வாய் திறக்கவில்லை. திட்டு ஒன்றுதான் நிறுப்பது என்று நான் நினைத்திருந்தேன். புகழ்ச்சியும் நிறுப்பதுதான் என்று அன்று தெரிந்தது. நான் திரும்ப முற்றத்துக்குப் போய்த் துணி மடித்தேன். இந்தத் தடவை முற்றத்திலிருந்து அறைக்குள் வர மூன்று நாள்தான் ஆனது. பிறகு பசறை ஊர்க் கடைக்காரர் ஒருவருடைய மகளை, அவளும் சத்தமில்லாத பிள்ளை, உள்ளே சேர்த்தோம். பிறகு இன்னும் இரண்டு பேர். மதினி நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவாள். முதலில் சீக்கிரம் வருவாள், பிறகு தாமதமாக. ஆறாம் வாரம் மதினி இல்லாமலே நாலு பேரும் சண்டை போட்டார்கள். சண்டையில் இவள் குரல்தான் மேலே கேட்டது. நான் அதை நிறுத்தவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நெட்டை, காதில் முடி. பிள்ளைகளை வரிசையாக மேசைக்கு முன் நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தினால் எல்லாம் வீண் என்று எனக்குத் தெரியும். வகுப்பு முழுதும் பார்த்துக்கொண்டிருக்க, நான் அவருடைய மேசைக்கு நடந்து போனேன். என் கழுத்து எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

"ஐயா, ஒரு பிள்ளையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் வெளியே போன பிறகு, நீங்கள் எதிரே இல்லாமல் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கேளுங்கள். அவள் வாயைப் பார்க்க வேண்டாம். புத்தகத்தைப் பாருங்கள்."

மிஸியம்மாவின் புருவம் உயர்ந்தது. இன்ஸ்பெக்டர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"நீர் கேக்கிறது வழமையில்லை," என்றார். "சரி, செய்வம்."

அப்படியே செய்தார். பெஞ்சில் அவர் ஒரு ஓரம், பிள்ளை ஒரு ஓரம், நடுவில் புத்தகம். மதினி ஜன்னலருகே சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் தோள் ஏறியது. நான் மனதுக்குள் மூச்சை எண்ணினேன். ஐந்து. பத்து. இன்ஸ்பெக்டர் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது மூச்சில் ஒரு சத்தம் வந்தது, காகிதம் உரசுவதுபோல. முதல் வரி முழுதும் அப்படித்தான். இரண்டாவது வரியில் எழுத்துகள் கேட்டன. மூன்றாவது வரியில் குரல் வந்தது. பக்கம் முடியும் வரை நிற்கவில்லை. அடுத்த பக்கத்தை யாரும் சொல்லாமல் அவளே திருப்பினாள்.

"நல்லது. வாசிச்சதிலை உமக்கு என்ன விளங்கினது, சொல்லும் பாப்பம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பிள்ளை மதினியைப் பார்த்தாள். மதினி பிள்ளையைப் பார்த்தாள். இருவர் உதடும் துடித்தன. பிறகு இரண்டு பேரும் வெடித்துச் சிரித்துவிட்டார்கள். மிஸியம்மா எழுந்தார். நான் என்னையும் அறியாமல் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"என்ன பிள்ளை சிரிக்கிறீர்?"

"நீங்க பேசுறது பாட்டு மாதிரி இருக்குங்க," என்றாள் அவள், முழுக் குரலில், அறை நிறைய.

இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மூடிவிட்டு, காது முடியெல்லாம் ஆடும்படி சிரித்தார். "அப்ப நீர் பாடாமல் சொல்லும்," என்றார். அவள் சொன்னாள். வாசித்த கதையைச் சொன்னாள். கதையில் வரும் குடியானவன் மாட்டை ஆற்றோரம் கட்டினது பிசகு என்றாள், மழைக்காலத்தில் மேட்டில்தான் கட்ட வேண்டும் என்றாள். இன்ஸ்பெக்டர் மறுத்துப் பேசினார். அவளும் மறுத்துப் பேசினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், கண் நிறைந்துவிட்டது. வாழ்க்கையில் நான் ஒரு தடவை ஜெயித்திருக்கிறேன் என்றால் அது அந்தக் கால் மணி நேரம்தான்.

அவர் பதிவில் அவள் பெயருக்கு எதிரே தேறியதற்கான குறி போட்டார். மிஸியம்மா என்னிடம் வந்து, "நான் தவறாக நினைத்தேன்" என்றார். பிறகு பிள்ளையிடம் போய், கைதட்டாமல், ஒன்றும் சொல்லாமல், சற்று நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் கங்காணியும் அவர் தங்கையும் வந்தார்கள். தங்கை என்னைக் கட்டிக்கொண்டாள். கங்காணி, "தை பொறந்தாலும் இவ இங்கதான் இருப்பா, டீச்சரம்மா," என்றார். அதைச் சொல்ல அவருக்கும் கொஞ்சம் நேரம் பிடித்தது. நான் பொறுத்துக்கொண்டேன்.

மறுநாள் மதினி அம்மாவோடு தோட்டத்துக்குத் திரும்பிப் போனாள். இன்ஸ்பெக்டர் பசறைக்குப் போனார். மழை விடவில்லை. பிள்ளை முதல் மணியில் கணக்குப் போட்டாள். நாலில் இரண்டு தப்பு. சிலேட்டைக் கையால் மறைக்கவில்லை.